பதிவு செய்து பேச்சு வேகத்தை அளந்தவர்கள் உண்டா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஏரிக்கரை

எங்கள் ஊர் நூலகத்தில் வட்டார மழைப்பதிவுகள் பற்றித் தமிழில் பேசப் போகிறேன். 10 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். நிமிடத்துக்கு 130 சொல் என்பதுதான் எங்கும் சொல்லப்படும் கணக்கு. அதை வைத்து 1,150 சொல்லில் உரை எழுதினேன், 9 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். மொபைலில் பதிவு செய்து பார்த்தால் 13 நிமிடம் 22 விநாடி ஓடுகிறது. வகுத்தால் நிமிடத்துக்கு 86 சொல்தான் வருகிறது. கேட்டுப் பார்த்த வீட்டுக்காரர்களோ வேகம் சரியாக இருக்கிறது, இழுக்கவில்லை என்கிறார்கள்.

பகுதி பகுதியாகவும் பிரித்துப் பார்த்தேன். தொடக்க 2 நிமிடத்தில் நிமிடத்துக்கு 98 சொல். புள்ளிவிவர அட்டவணையை விளக்கும் இடம் இரண்டரை நிமிடம் ஓடுகிறது, அதில் 178 சொல்தான், அதாவது நிமிடத்துக்கு 71. அங்கேதான் மந்தமாகிறேனா? இப்படி அளந்து பேச்சைத் திருத்தியவர்கள் எப்படிச் செய்தீர்கள்?

வெண்பலகை

நான் பயிற்சி வகுப்பு எடுப்பவன். 130 முதல் 150 வரை இருந்தால்தான் கேட்பவர்கள் தூங்காமல் இருப்பார்கள். 86 என்பது மிகவும் குறைவு. வேகத்தைக் கூட்டுங்கள், உரையை வெட்ட வேண்டியதில்லை. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: முழுப் பேச்சுக்கும் ஒரே சராசரி எடுக்காதீர்கள். நீங்கள் பகுதி பிரித்தது நல்லது. என் மாணவர்கள் எல்லோருமே முதல் ஓரிரு நிமிடத்தில் பதற்றத்தில் ஓடுவார்கள்.

தட்டச்சு அக்கா

நான் லோயர், ஹையர் இரண்டும் முடித்தவள். வேகம் வர வேண்டுமென்றால் தினமும் ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும், விரல் தானாகப் பழகிவிடும். ஒரு விஷயம், எங்கள் ஆங்கிலக் கணக்கில் சொல்லுக்குச் சொல் எண்ண மாட்டோம். 5 தட்டு ஒரு சொல். இல்லாவிட்டால் நீளச் சொல் வந்தவருக்கு அநியாயம் ஆகிவிடும்.

ஏரிக்கரை

அக்கா, நான் கேட்டது தட்டச்சு வேகம் இல்லை, பேச்சு வேகம். ஆனாலும் அந்த 5 தட்டுக் கணக்கு என்னை யோசிக்க வைக்கிறது.

ஒலிப்பெட்டி

அக்கா சொன்னதில்தான் விடை இருக்கிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

130 என்பது ஆங்கிலத்துக்கு வந்த எண். 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்பது நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் அதையே மூன்று சொல்லாகச் சொல்வார்கள். அதனால் சொல் எண்ணிக்கையை வைத்து இரண்டு மொழிகளின் வேகத்தை ஒப்பிடவே முடியாது. ஒப்பிட வேண்டுமென்றால் உயிரோசையை எண்ணுங்கள். தமிழில் அது எளிது: புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிட்டு மற்றதை எண்ணினால் போதும். மேலே சொன்ன சொல்லில் 13 எழுத்து, அதில் 5 மெய். மீதி 8 உயிரோசை.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி. அந்த அட்டவணைப் பகுதியில் எண்களை எண்ணாகவே எழுதியிருக்கிறீர்களா?

ஏரிக்கரை

ஆமாம் சார். '1985', '42.5 மி.மீ.' என்றுதான் இருக்கிறது.

ஒலிப்பெட்டி

அப்படியானால் நீங்கள் அங்கே மந்தமாகவில்லை, எண்ணிக்கைதான் குறைவாக வந்திருக்கிறது. '1985' தாளில் ஒரு சொல். வாயில் 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்து' என்று மூன்று. '42.5 மி.மீ.' தாளில் இரண்டு, சொல்லும்போது 'நாற்பத்திரண்டு புள்ளி ஐந்து மில்லிமீட்டர்' என்று நான்கு. எல்லா எண்ணையும் நீங்கள் உச்சரித்தபடியே எழுதிவிட்டு மறுபடி எண்ணுங்கள். உரையை urai.txt என்று சேமித்துக்கொண்டு இதை ஓட்டலாம்:

```python
import re
t = open("urai.txt", encoding="utf-8").read()
ezhuthu = len(re.findall("[அ-ஔக-ஹ]", t))
pulli = t.count("\u0BCD")
print(len(t.split()), ezhuthu - pulli)
```

முதலில் வருவது சொல், அடுத்தது உயிரோசை. எழுதி வைத்ததை அல்ல, பதிவில் பேசியதை எண்ண வேண்டும். திக்கித் திரும்பச் சொன்னதும் அதில் சேரும்.

இடைவெளி எவ்வளவு என்பதையும் தனியாகப் பாருங்கள்:

```
ffmpeg -i pechu.wav -af silencedetect=noise=-35dB:d=0.3 -f null -
```

மின்விசிறி ஓடும் அறையில் பதிவு செய்திருந்தால் -35 என்பதில் ஒரு இடைவெளிகூட அகப்படாமல் போகலாம். அப்படி வந்தால் -28 வரை ஏற்றிப் பாருங்கள். d என்பது குறைந்தது எத்தனை விநாடி அடங்கினால் மௌனம் என்று எடுப்பது என்ற அளவு, அதை 0.3க்குக் கீழே ரொம்ப இறக்காதீர்கள். 'பட்டம்', 'பக்கம்' என்னும்போது இரட்டித்த வல்லினத்தில் காற்று அடைபடும் அந்தக் கணத்தையும் அது மௌனம் என்று எழுதிவிடும்.

மலைச்சாரல்

என் கதை வேறு. மாநாட்டில் ஆங்கிலத்தில் 12 நிமிடம் பேசினேன். பதிவைத் தானியங்கி எழுத்தாக்கத்தில் போட்டு வந்த சொற்களை எண்ணினேன், வேகம் குறைவாகக் காட்டியது. பிறகு பதிவைக் கேட்டுக்கொண்டே ஒப்பிட்டால், நான் இரண்டு முறை சொன்னதையெல்லாம் அது ஒரு முறையாகச் சுருக்கியிருந்தது, 'அம்', 'ஆ' எல்லாம் காணவே இல்லை. எழுத்தாக்கத்தை நம்பி எண்ணுபவர்கள் ஒரு நிமிடப் பகுதியையாவது காதால் கேட்டுச் சரிபாருங்கள்.

ஏரிக்கரை

செய்துவிட்டேன். அட்டவணைப் பகுதி 178 சொல்லிலிருந்து 214 ஆனது. அதே இரண்டரை நிமிடத்துக்கு வகுத்தால் 86 வருகிறது. 71 என்று தெரிந்த மந்தம் போய்விட்டது. மொத்தம் 1,186 சொல், அதாவது நிமிடத்துக்கு 89. உயிரோசை 4,210, நிமிடத்துக்கு 315. மௌனம் மொத்தம் 118 விநாடி, அதைக் கழித்தால் விநாடிக்கு ஆறு உயிரோசைக்குச் சற்று மேல்.

ஒலிப்பெட்டி

ஆங்கிலச் சொல்லுக்குச் சராசரியாக ஒன்றரை உயிரோசை என்று வைத்தால் 130 சொல் என்பது நிமிடத்துக்கு 195தான். உங்களுடையது 315. இதை வைத்து நீங்கள் ஆங்கிலக்காரரை விட வேகம் என்றும் சொல்லிவிட முடியாது, தமிழ் உயிரோசைகள் பெரும்பாலும் குறுகியவை. ஆனால் மந்தம் இல்லை என்பது நிச்சயம். வெண்பலகை சார் சொன்னபடி 130 சொல்லுக்கு ஏற்றினால் நிமிடத்துக்கு 460ஐத் தாண்டும். எண்கள் நிறைந்த பேச்சை அந்த வேகத்தில் யாரும் பின்தொடர முடியாது.

உங்கள் வேகத்தை மாற்றாதீர்கள், உரையை வெட்டுங்கள். ஒரு நிமிடம் கையிருப்பு வைத்து 9 நிமிடத்துக்கு, 89ஆல் பெருக்கினால் சுமார் 800 சொல். மௌனத்தையும் சேர்த்த வேகத்தால்தான் பெருக்க வேண்டும், நேரம் அதிலும் போகிறது அல்லவா. மௌனம் கழித்த எண் எதற்கு என்றால், அடுத்த ஒத்திகையில் நேரம் குறைந்தால் நீங்கள் நிறுத்தங்களை விழுங்கியதாலா, நாக்கு ஓடியதாலா என்று தெரிந்துகொள்ள.

வெண்பலகை

தமிழ்க் கணக்கு வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் அனுபவத்தில் கூட்டத்துக்கு முன்னால் யாரும் வீட்டில் பேசிய வேகத்தில் பேசுவதில்லை. தொடக்கத்தில் 98 வருகிறது என்றால் அங்கே 110 ஆகும்.

ஒலிப்பெட்டி

சிலருக்கு அப்படி, சிலர் கூட்டத்தைப் பார்த்ததும் நிதானமாகிவிடுவார்கள். இரண்டையும் கேட்டிருக்கிறேன். இரண்டு மூன்று நண்பர்களை உட்கார வைத்து ஒரு பதிவு எடுத்தால் கொஞ்சம் நெருங்கலாம்.

ஏரிக்கரை

அட்டவணை எண்களை வாயால் சொல்வதைப் பாதியாகக் குறைத்துவிட்டு, திரையில் காட்டலாம் என்றிருக்கிறேன். ஒவ்வொரு ஆண்டு எண்ணுக்கும் மூன்று சொல் மிச்சம். ஆனால் அவர்கள் திரையைப் பார்த்துப் படிக்க நான் பேசாமல் நிற்க வேண்டுமே, அதற்கு எத்தனை விநாடி ஒதுக்குவது? சொல் கணக்கில் அது வரவே வராது.

மலைச்சாரல்

எனக்கும் அதில்தான் நேரம் போனது. நான் அட்டவணையின் ஒரு வரிக்கு மூன்று விநாடி என்று ஒதுக்கினேன், பின்வரிசையில் இருந்தவர்களுக்கு அது பற்றவில்லை. எழுத்து எவ்வளவு பெரிதாகத் தெரியும்? நூலகத்தில் புரொஜெக்டரா, தொலைக்காட்சியா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.