மறு: ‘சைக்கிள்’ – புகை, மழை, நீர்வளையத்துக்கு ஒரு சொல்

மலர்விழி எழுதியது:

வணக்கம். அனிமேஷன் பயிற்சிக் குறிப்பேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். புகைக்கு எட்டுப் படம் வரைந்து அதையே திரும்பத் திரும்ப ஓட்டுகிறோமே, ஆங்கிலத்தில் ‘சைக்கிள்’ என்கிற அந்தத் தொகுப்புக்கு என்ன பெயர் வைக்கலாம்? ‘சுழற்சி’ என்றால் மாணவர்கள் ரொட்டேஷன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இளங்கோ எழுதியது:

‘அந்தாதி’ என்றே வைக்கலாமே! ஒன்றின் முடிவு அடுத்ததன் தொடக்கம். கடைசி முதலோடு போய்ச் சேர்வதை மண்டலித்தல் என்பார்கள். அச்சாகப் பொருந்துகிறது.

பாத்திமா எழுதியது:

பெயர் எதுவானாலும் சரி, என் புகை விக்குகிறதே! எட்டுப் படம் வரைந்து, ஒன்பதாவதாக முதல் படத்தையே நகலெடுத்து வைத்தேன். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கணம் நின்று போகிறது. மென்பொருளில் லூப் அமைப்பு சரியில்லையோ?

சுந்தரம் எழுதியது:

பாத்திமா, லூப் சரியாகத்தான் இருக்கிறது. அந்த ஒன்பதாவது படத்தை எடுத்துவிடுங்கள். நொடிக்கு 24 பிரேம், ஒரு படத்துக்கு இரண்டு பிரேம் என்று ஓட்டுகிறீர்கள் அல்லவா? ஒன்பதாவதும் முதலாவதும் ஒரே படம் என்பதால் அது நான்கு பிரேம் நிற்கிறது. கண்ணுக்கு அதுதான் விக்கல்.

இளங்கோ, அந்தாதியில் எனக்குள்ள தயக்கமும் இதுதான். அங்கே அதே சொல் திரும்ப வர வேண்டும், இங்கே அதே படம் திரும்ப வரக் கூடாது. எட்டாவது படம், முதல் படத்துக்கு ஒரு படி முன்னால் நிற்க வேண்டும்.

புகைபோக்கிக்கு மேலே மூன்று புகைத்திரள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்று முடிந்து முதல் படம் திரும்ப வரும்போது கீழ்த்திரள் நடுத்திரளின் இடத்துக்கும் உருவத்துக்கும் வந்துவிடும். நடுத்திரள் மேலே போகும், மேல்திரள் கரைந்துவிடும், வாயில் புதிது கிளம்பும். சுற்று 16 பிரேம்தான், ஆனால் ஒரு திரள் மூன்று சுற்று, அதாவது 2 நொடி, கண்ணில் இருக்கும். ஒரு திரளுக்கு மட்டும் மூக்கு மாதிரி நீட்டி வரைந்தால் போச்சு, குட்டு உடைந்துவிடும். கல் விழுந்த குளத்தின் வளையங்களும் இப்படித்தான், உள்வளையம் விரிந்து வெளிவளையத்தின் இடத்தைப் பிடிக்கும்.

‘படச்சுற்று’ என்பது என் யோசனை.

இளங்கோ எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. ஆனால் ஒரு திரள் அடுத்ததன் இடத்தை ஏற்பதற்காவது ‘தொடுப்பு’ என்று வைப்போம், பூத்தொடுப்பது போல.

மலர்விழி எழுதியது:

‘தொடுப்பு’ அழகாக இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன். அப்புறம் மழை? நாங்கள் நான்கு படத்தில் ஒரே சாய்வாகக் கோடுகளை இடம் மாற்றி மாற்றி வரைந்து, 1, 3, 2, 4, அடுத்து 2, 1, 4, 3 என்று கலைத்துப் போடுகிறோம். வரிசையாக ஓட்டினால் ஒரே கோடுகள் ஒரே தாளத்தில் துடிப்பது தெரிந்துவிடும். இதில் தொடுப்பே இல்லை.

சுந்தரம் எழுதியது:

உண்மைதான். இடம் பிடிக்க அங்கே எதுவும் இல்லை, சுற்றி வரவும் இல்லை. மழைக்குப் ‘படச்சுற்று’ ஒட்டாது. ‘கலைவரிசை’ என்று யோசித்தேன், ஆனால் கலை என்றதும் ஓவியக்கலைதான் நினைவுக்கு வருகிறது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.