உவர்மலைப் பக்கம் பகலில் அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்க ஆள் தேவை

வணக்கம். பாரிசவாதத்தில் படுக்கையில் இருக்கும் அம்மாவுக்கு, கிழமை நாட்களில் காலை 10 மணி முதல் 2 மணி வரை பெண் உதவியாளர் ஒருவர் தேவை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா திருப்பவேணும். காலை 8 மணிக்குத் திருப்பிவிட்டு வேலைக்குப் போனால், திரும்பி வர பின்னேரம் 4.30 ஆகுது. காற்று மெத்தை இருக்கு, ஆனா அது திருப்புறதுக்கு ஈடாகாது.

முழுப் பக்கவாட்டில் படுக்க வைத்தால் இடுப்பெலும்பு அமுங்கும். முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து 30 பாகை சரித்தால் போதும். கெண்டைக்காலுக்குக் கீழே இன்னொரு தலையணை; குதிக்கால் மெத்தையில் முட்டக்கூடாது. இழுத்தால் தோல் உரிஞ்சிடும், விரிப்போட தூக்கவேணும். மறுபக்கம் பிடிக்கப் பக்கத்து வீட்டு அக்கா வருவா.

ஒவ்வொரு முறையும் வாலெலும்புப் பக்கம் விரலால் அமத்திப் பார்க்கவேணும். சிவந்த இடம் வெளிறாவிட்டால் புண் தொடங்கிட்டு. கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது. சூட்டையும் இறுக்கத்தையும் தடவித்தான் பிடிக்கலாம். (வளையக் குஷன் தர நினைப்பவர்கள் தரவேண்டாம், அது சுற்றியுள்ள இரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.)

இன்னொரு கேள்வி. ஒஃபிசில் இருந்தால் கண் மணிக்கூட்டில, வீட்டில் நின்றால் மனசு முடியாத ஃபைலில. மதிய இடைவேளையை நீட்டி, மாலையில் ஈடுசெய்ய அனுமதி எடுத்தவர்கள் கடிதத்தில் என்ன எழுதினீங்கள்?