நுரை நிற்காத பியர்: குற்றம் பாட்டிலிலா, கிளாஸிலா?

பரிமாறுபவர் (ஓராண்டு அனுபவம்): போன வாரம் ஒரு விருந்தினர், "இது பழைய பியர்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். ஊற்றிய ஒரு நிமிடத்தில் நுரை அடங்கிப்போயிருந்தது. கிளாஸின் உட்சுவரில் குமிழிகள் முத்து முத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. அதே பாட்டிலில் மிச்சமிருந்ததை வேறு கிளாஸில் ஊற்றினேன். நுரை கெட்டியாக நின்றது. உங்களுக்கு இப்படி நேர்ந்திருக்கிறதா?

விடுதி உணவக மேற்பார்வையாளர்: எங்களிடம் இந்தப் புகாரே கிடையாது. கிளாஸ்களை ஃப்ரீசரில் வைத்துவிடுவோம். பியர் குளிராக இருந்தால் நுரை தானாக நிற்கும்.

பார் கவுன்ட்டரில் இருபது ஆண்டுகள்: குளிர் வேண்டும் என்பது சரிதான், லாகர் பியருக்கு 4 முதல் 7 டிகிரி போதும். ஆனால் ஃப்ரீசர் கிளாஸில் பனி படியும். ஊற்றும்போது அந்தப் பனியில் பட்டு நுரை பொங்கி வழியும். உருகியதும் பியர் நீர்த்துவிடும். தம்பி சொன்ன ஒட்டிய குமிழிகளுக்குக் காரணம் அழுக்கு. கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பசையும் சோப்பின் மிச்சமும் இருக்கும் இடத்தில்தான் வாயு ஒட்டும். அந்த எண்ணெயே நுரையையும் கொல்லும். பால் குடித்த கிளாஸோடு சேர்த்துக் கழுவினீர்களா? கழுவிய கிளாஸைத் தண்ணீரில் முக்கி எடுத்து, ஈரம் காயுமுன் உள்ளே உப்பைத் தூவிப் பாருங்கள். சுத்தமான இடத்தில் உப்பு சீராக ஒட்டும். பசை இருக்கும் இடத்தில் ஒட்டாது.

ஒயின் பரிமாறுபவர்: எனக்கு வேறு தொல்லை. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் தர வேண்டும் என்று நம்பி, சமையலறைச் சுவரை ஒட்டிய அலமாரியில் அடுக்கியிருந்தோம். வெதுவெதுப்பாக ஊற்றியதில் பழ மணம் அமுங்கி, ஆல்கஹால் நெடிதான் மூக்கில் ஏறியது. இப்போது இருட்டான, குளிர்ந்த அறையில், கார்க் காயாதபடி படுக்கவைக்கிறோம். பரிமாறும்போது 16 டிகிரி அளவில் இருந்தால் யாரும் குறை சொல்வதில்லை.

மேற்பார்வையாளர்: எங்கள் விருந்தினர்கள் பனி படிந்த கிளாஸைத்தான் கேட்கிறார்கள். அதை நிறுத்தினால் சண்டைக்கு வருவார்கள்.

கவுன்ட்டர்க்காரர்: அப்படியானால் ஃப்ரீசரிலிருந்து குளிர்பெட்டிக்கு மாற்றுங்கள். கிளாஸ் குளிர்ந்தே இருக்கும், பனி மட்டும் படியாது.

பரிமாறுபவர்: ஐயா, உப்பைத் தூவிப் பார்த்தேன். பன்னிரண்டு கிளாஸ்களில் எட்டில் திட்டுத் திட்டாக விட்டுப்போனது. மில்க்‌ஷேக் கிளாஸ்களும் இவையும் ஒரே தொட்டியில்தான் கழுவப்பட்டிருக்கின்றன. துடைத்த துணியும் தட்டு துடைத்ததுதான். தனித் தொட்டியில் கழுவி, நன்றாக அலசி, துணி படாமல் கம்பித் தட்டில் கவிழ்த்து உலரவிட்டேன். ஏழு சரியாகிவிட்டன. எட்டாவதின் விளிம்பில் உதட்டுச்சாயம் இருந்த இடம் இன்னும் உப்பை ஏற்கவில்லை. அதை எதனால் எடுக்கிறீர்கள்?