கல்யாணத்துக்குப் பிஎஃப்ல கை வைக்காம சமாளிக்கிறது எப்படி?

நொய்யல்: பொண்ணோட அப்பாவுக்கு 50 வயசு, கல்யாணம் மூணு வருஷத்துல. பிஎஃப்ல 4 லட்சம் எடுக்கலாம்னு வீட்டுல பேச்சு. வேற வழி உண்டா?

பேரேடு: பிஎஃப்ல கல்யாணத்துக்குக் கொடுக்கிறது கடன் இல்ல, முன்பணம். வட்டி கிடையாதுன்னு சந்தோஷமா எடுப்பாங்க. ஆனா எடுத்ததைத் திருப்பிக் கட்டவும் முடியாது, அங்கதான் வினை. இப்போ எடுக்கிற 4 லட்சம், 8.25 சதவீத வட்டி அப்படியே நீடிச்சா, 58 வயசுல ஏழரை லட்சமா நின்னிருக்கும்.

கீழவாசல்: அப்புறம் விபிஎஃப்ல கூடுதலாப் பிடிக்கச் சொல்லி நிரப்பிடலாமே?

பேரேடு: பிடிக்கச் சொல்லலாம், விதி இடம் கொடுக்குது. ஆனா கல்யாணம் முடிஞ்ச கையோட சீர், தலைதீபாவளி, வளைகாப்புன்னு வரிசை கட்டி நிக்கும். சம்பளத்துல மிச்சம் எங்க இருக்கும்? அதை இப்பவே பிடிங்க. வங்கி ஆர்டியில மாசம் 10,000, 36 மாசத்துக்கு. ஆறரை சதவீதம் கிடைச்சா கிட்டத்தட்ட 4 லட்சம் கைக்கு வரும். தபால் நிலைய ஆர்டி இதுக்குத் தோதுப்படாது. அது அஞ்சு வருஷம். மூணு வருஷம் முடிஞ்சு உடைக்கலாம், ஆனா சேமிப்புக் கணக்கு வட்டி 4 சதவீதம்தான் தருவாங்க.

தட்டாரத்தெரு: நகைக்குத் தனியா 11 மாசச் சீட்டு போடுங்க. லாபமே சேதாரத்துலதான். சேரும்போதே ரெண்டு கேளுங்க: கட்டுற பணம் அன்னன்னிக்கு விலையில கிராமா ஏறுதா, இல்ல ரூபாயாவே கிடக்குதா? சேதாரத் தள்ளுபடி எத்தனை சதவீதம் வரைக்கும்? வேலைப்பாடு அதிகமான ஆரத்துக்குச் சேதாரம் அந்த வரம்பைத் தாண்டும், மிச்சத்தைக் கையிலிருந்துதான் கட்டணும். ரூபாயாக் கிடந்தா, விலை ஏறினதும் நம்ம தலையில.

சேவல்கொடி: எதுக்கு இவ்வளவு கணக்கு? மொய் வந்து அடைச்சிடும்.

பேரேடு: மொய் நோட்டு முகூர்த்தத்தன்னிக்குத்தான் திறக்கும். மண்டப அட்வான்ஸ், நகை, ஜவுளி எல்லாம் அதுக்கு முன்னாடியே கட்டணும். சமையல்காரர் பாக்கிக்கு வேணும்னா மொய் உதவும். நோட்டுல எழுதினவங்க வீட்டு விசேஷத்துக்கு அதைத் திருப்பிச் செய்யவும் வேணும். வரவுன்னு எழுதாதீங்க, கைமாத்துன்னு எழுதுங்க.

ஆரத்தி: மண்டப வாடகையை மட்டும் நம்பி பட்ஜெட் போட்டா நிச்சயம் உதைக்கும். கரண்ட் மீட்டர் கணக்கு, ஜெனரேட்டர் டீசல், துப்புரவு, கேஸ், ஜிஎஸ்டி எல்லாம் தனி பில். அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாடியே ஒவ்வொண்ணையும் ரசீதுல எழுதி வாங்குங்க. சாப்பாட்டுக்கு இலைக்கணக்கா, மொத்தக் கணக்கான்னும் முடிவு பண்ணுங்க. இலைக்கணக்குன்னா எண்ண நம்ம ஆள் ஒருத்தர் பந்தியில நிக்கணும்.

கடைத்தெரு: எங்களுக்குக் கடை வியாபாரம், பிஎஃப்பே கிடையாது. பிபிஎஃப் 15 வருஷம் முடியப்போகுது, அதை எடுக்கலாமா?

பேரேடு: 15 வருஷம் முடிஞ்சதும் முழுசும் எடுக்கலாம். ஆனா உங்களுக்கு ஓய்வுக்காலப் பணமே அதுதானே? அஞ்சஞ்சு வருஷமா நீட்டிக்க வழி இருக்கு. கணக்கு முதிர்ந்த தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள்ள நீட்டிப்பு படிவம் கொடுத்துடுங்க.

நொய்யல்: மாசம் 10,000 கஷ்டம், 7,000 முடியும். குறையறதுக்கு நகைக்கடன் வாங்கலாமா, விருந்தைச் சுருக்கலாமான்னுதான் இப்போ வீட்டுல வாக்குவாதம்.

சேவல்கொடி: விருந்தைச் சுருக்கினா சம்பந்தி வீட்டுல என்ன சொல்வாங்க?

ஆரத்தி: முதல்ல அவங்களையே கேட்டுப் பாருங்களேன்.