புதுப்பிப்பு: முதலில் டொக்ஸிசைக்கிளின், பிறகுதான் மற்றது

என் சிறுநீர் எரிவு பற்றிய போன பதிவுக்கு ஒருவர் கேட்டது: “ஒரே தரம் போடுற அசித்ரோமைசின் இருக்கே அண்ணா, ஏன் டொக்ஸியில தொடங்கினீங்கள்?”

வெள்ளவத்தை பார்மசியில் வாங்கி அந்த 1 கிராமை நான் ஏற்கெனவே போட்டவன், எரிவு குறைந்து திரும்பியது, சோதனையில் வந்தது உடலுறவால் தொற்றும் மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம் என்ற கிருமி. டொக்டர் சொன்னபடி, ஒற்றை டோஸுக்குத் தப்பும் கிருமியில் அசித்ரோமைசின் ஒட்டும் இடமான 23எஸ் ஆர்ஆர்என்ஏ மாறியவைதான் பெருகும், பிறகு அசித்ரோமைசின் எடுபடாது. டொக்ஸி 100 மி.கி. நாளுக்கு இரண்டு, 7 நாள். அது தனியே குணமாக்குவது குறைவு, ஆனால் கிருமி எண்ணிக்கையை இறக்கிவிடும், மிஞ்சுவதைத்தான் அடுத்த மருந்து அடிக்கும். கிருமி எந்த மருந்துக்கு அசையாது என்று பார்க்கும் எதிர்ப்புச் சோதனை கிடைக்காததால் எனக்கு அடுத்தது மொக்ஸிஃப்ளொக்ஸசின் 400 மி.கி. நாளுக்கு ஒன்று, 7 நாள்.

அமொக்ஸிசிலின் போடச் சொன்ன தம்பி, அது கிருமியின் செல்சுவரைத் தாக்கும் மருந்து, இந்தக் கிருமிக்குச் செல்சுவரே இல்லை, அது வேலை செய்யாது. மறுசோதனை மருந்து முடிந்து 3 வாரம் கழித்து.