புதுத் தராசுக்கு எதற்கு இன்னொரு சோதனை? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கல்முனை எழுதுவினைஞர்: கொள்வனவுப் பிரிவில் இருக்கிறேன். ஜெர்மனித் தராசொன்று வந்திருக்கிறது. பெட்டிக்குள் தொழிற்சாலைச் சான்றிதழும் உண்டு. ஆனாலும் அளவுத்திருத்தச் சோதனைக்குத் தனியாகப் பணம் வேண்டும் என்று ஆய்வுகூடத்தார் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். கணக்காளரிடம் நான் என்ன சொல்வது?

வாழைச்சேனை மீன்கடை: என் தராசுக்கு முத்திரை இருக்கிறது. ஆனாலும் பாரை மீன் எடை வீட்டில் குறைகிறது என்று சண்டைக்கு வருகிறார்கள். எங்கே முறையிடுவது?

அம்பாறைக் களஞ்சியம்: அது வேறு கதை அண்ணன். எழுதுவினைஞரே, வரும் வழியில் குலுங்கியிருக்கும், அதற்குத்தான் சோதனை. பெட்டி நசுங்காமல் வந்தால் தேவையில்லை.

மட்டக்களப்பு ஆய்வுகூடம்: எங்கள் பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை தம்பி. அதுவும் ஜெர்மனித் தராசுதான். மேசையில் வைத்து, நீர்மட்டக் குமிழை நடுவுக்குக் கொண்டுவந்து, மின்சாரம் கொடுத்து நன்றாகச் சூடேற விட்டோம். பிறகு 200 கிராம் நியம எடைக்கல்லை வைத்தால் திரையில் 199.37! எடுத்தால் பூச்சியம், திரும்ப வைத்தால் அதே 199.37. 100 கிராம் கல்லுக்குக் குறையும் சரிபாதியாக இருந்தது.

குலுங்கிப் பழுதானது பெரும்பாலும் இப்படி ஒழுங்காகப் பிழை காட்டாது. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று காட்டும், அல்லது கல்லைத் தட்டின் ஓரத்துக்கு நகர்த்தினால் எண் மாறும். எங்களுடையதில் பழுதே இல்லை. மின்னணுத் தராசு தட்டை அழுத்தும் விசையை அளந்துதான் கிராம் சொல்கிறது. புவியீர்ப்பு ஜெர்மனியில் 9.81 அளவில், நம் பக்கம் 9.78. ஆயிரத்துக்கு மூன்று பங்கு அங்கேயே போய்விட்டது. சான்றிதழ் பொய்யில்லை, அது அந்த ஊர்க் கணக்கு. அதே கல்லை வைத்து இங்கேயே திருத்தியதும் 200.00 வந்தது.

கல்முனை எழுதுவினைஞர்: அப்படியானால் வழங்குநர் கொழும்பிலேயே திருத்தி அனுப்பட்டுமே?

மட்டக்களப்பு ஆய்வுகூடம்: ஈர்ப்பில் கொழும்புக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அதன் பிறகுதான் லொறிப் பயணம் வருகிறது. அந்த இடத்தில் களஞ்சியத் தம்பி சொல்வதும் சரி. விலைமனுவில் ‘பயன்படுத்தும் மேசையிலேயே பொருத்தி, சோதித்து, கண்ட அளவுகளை எழுதித் தரவேண்டும்’ என்று ஒரு வரி சேருங்கள். திருத்துவதற்கு முன் கண்ட அளவும் அதில் இருக்கட்டும்.

அக்கரைப்பற்று நானா: எங்களுடையதில் கல் உள்ளேயே இருக்கிறது, பொத்தானை அழுத்தினால் தானே திருத்திக்கொள்ளும். விலை கூட, ஆனால் வெளியாள் செலவு மிச்சம்.

மட்டக்களப்பு ஆய்வுகூடம்: ஈர்ப்புப் பிழைக்கு அது போதும் நானா. உள்ளே இருக்கும் கல் சரியா என்று பார்க்க வெளியிலிருந்து ஒரு கல் வேண்டாமா?

அக்கரைப்பற்று நானா: புதிதிலேயே அதையும் சந்தேகிப்பதா? எனக்கு ஒப்பவில்லை.

கல்முனை எழுதுவினைஞர்: எங்களுடையதில் அந்தப் பொத்தான் இருக்கிறதா என்று நாளை பார்க்கிறேன். 199.37 கதையைக் கணக்காளருக்கு அப்படியே எழுதிவிட்டேன்.