மொழிபெயர்ப்பு வேலைக்கு விண்ணப்பம்: அனுப்பியவர்கள், வாங்கியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

குறிஞ்சி
மருத்துவ மொழிபெயர்ப்புகளை ஆள் பார்த்துப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. போன மாதம் ஒரே நாளில் இரண்டு மின்னஞ்சல் வந்தன. முதலாவதில் ஆறு மொழிகள், "எந்தத் துறையும் செய்வேன்" என்று ஒரு வரி. இரண்டாவது பத்தே வரி. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மட்டும், மருந்து ஆய்வுக்கான ஒப்புதல் படிவங்கள், நோயாளிக்கான துண்டறிக்கைகள், சட்டம் எடுப்பதில்லை. கூடவே 200 சொல் அளவில் ஒரு மாதிரி. மூலமும் தமிழும் அருகருகே, மூலம் கிடைக்கும் இணைய முகவரியோடு.

திசை தெரிந்ததே பாதி நிம்மதி. 'ஆங்கிலம் - தமிழ்' என்று மட்டும் எழுதுபவரிடம் எதிலிருந்து எதற்கு என்று மறுபடி கேட்க வேண்டியிருக்கும்.

முதலாமவரிடமும் மாதிரி கேட்டேன். 'டபுள் பிளைண்ட்' ஆய்வு என்பது அவர் கையில் "பார்வையற்ற இருவர் பங்கேற்கும் ஆய்வு" ஆகிவிட்டது! இரண்டாமவர், "யாருக்கு எந்த மருந்து என்பது உங்களுக்கும் தெரியாது, ஆய்வு மருத்துவருக்கும் தெரியாது" என்று எழுதியிருந்தார். துறை தெரிந்தவர் என்பதற்கு எனக்கு அந்த ஒரு வரி போதும்.

பழைய பேனா
நல்ல வேலை எல்லாமே ரகசிய ஒப்பந்தத்தில் இருக்கும். அதனால் மாதிரி கேட்பதே தவறு. நான் கொடுப்பதில்லை.

குறிஞ்சி
வாடிக்கையாளர் கோப்பை அனுப்பக் கூடாது என்பது சரி. அனுப்பினால் நானே பயப்படுவேன், நாளைக்கு எங்கள் கோப்பும் வேறெங்காவது மாதிரியாகப் போகும். ஆனால் பொதுவில் இருக்கும் ஒரு பக்கத்தை நீங்களே பெயர்த்து, 'இது மாதிரிக்காகச் செய்தது' என்று போடலாமே. உலகச் சுகாதார நிறுவனத்தின் வெளியீடுகள் பலவற்றைக் காசு நோக்கமின்றிப் பெயர்க்க அனுமதி உண்டு. மூலத்தைச் சுட்ட வேண்டும், அதே உரிமத்தில் வெளியிட வேண்டும், இது அவர்கள் செய்த மொழிபெயர்ப்பு அல்ல என்ற குறிப்பும் வேண்டும்.

தூரத்து மழை
என் பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்த்து முத்திரை வைத்துத் தர யாராவது இருக்கிறீர்களா?

குறிஞ்சி
அது வேறு கதை. யாருடைய முத்திரை செல்லும் என்பதைச் சான்றிதழ் கேட்கும் அலுவலகத்திடம்தான் கேட்க வேண்டும்.

நிழல்
என் ரெஸ்யூமேயை எடுத்து மின்னஞ்சல் முகவரியை மட்டும் மாற்றி ஒருவன் வேலை வாங்கியிருக்கிறான். தரம் மோசம் என்று நிறுவனம் என் சொந்தத் தளத்தின் முகவரிக்கு எழுதியபோதுதான் தெரிந்தது. இப்போது முழு ரெஸ்யூமேயை எங்கும் பொதுவில் வைப்பதில்லை. மின்னஞ்சலில், "என் தளத்தில் உள்ள முகவரிக்கு எழுதி உறுதி செய்துகொள்ளுங்கள்" என்று ஒரு வரி சேர்க்கிறேன்.

பழைய பேனா
சரி, ஒரு சந்தேகம். அச்சில் வந்த என் துண்டறிக்கையைக் காட்டலாம்தான். அதில் பாதி எடிட்டர் திருத்தியது. அது என் மாதிரியா, அவருடையதா?

குறிஞ்சி
'எடிட் செய்யப்பட்டது' என்று எழுதுங்கள். நான் ஏற்றுக்கொள்வேன். எங்கள் அலுவலகத்திலேயே ஏற்காதவர்களும் இருக்கிறார்கள்.